தூண்டு மின்னோட்ட அம்புக்குறி சரியா? கையால் வரைந்த படத்தைச் சரிபார்க்கும் முறை

ஒரு சட்டக்காந்தம் இடப்பக்கமிருந்து, வட முனை முன்னால் இருக்க, படுக்கையாகக் கிடக்கும் ஒரு கம்பிச்சுருளை நோக்கி வருகிறது. சுருளின் இரண்டு நுனிகளும் கீழே இறங்கி ஒரு கால்வனாமீட்டரில் சேர்கின்றன. சுருள் மேல் சில அம்புகள், கீழே போகும் கம்பியில் சில அம்புகள், படத்துக்கு அடியில் "லென்ஸ் விதிப்படி" என்று ஒரு வரி. மின்காந்தத் தூண்டல் பாடம் படிக்கும் எல்லார் நோட்டிலும் இந்தப் படம் இருக்கும். இதில் அம்புகள் விதியோடு பொருந்துகின்றனவா என்று எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த ஒரே படத்தைக் கடைசி வரைக்கும் கொண்டுபோகலாம், ஏனென்றால் இதை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மற்ற படங்களில் சிக்கல் ரொம்பக் குறைவு.

முதலில் அம்புகளை மறைத்துவிடுங்கள். ஒரு துண்டுத் தாளை மேலே வையுங்கள், அல்லது படத்தை அம்புகள் இல்லாமல் பக்கத்தில் இன்னொரு முறை வரையுங்கள். ஏற்கெனவே போட்டிருக்கும் அம்பைப் பார்த்துக்கொண்டே "ஆமாம், இப்படித்தான் வரும்" என்று காரணம் தேடினால் மனசு அந்த அம்புக்கே சாதகமாகப் போகும், விரல்களை எப்படி மடக்கினாலும் சரி வருவது போலவே தோன்றும். விடையை நீங்களே தனியாகக் கண்டுபிடித்து, பிறகுதான் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

விதி எதை எதிர்க்கச் சொல்கிறது?

அடியில் எழுதியிருக்கும் விதியை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். லென்ஸ் 1834-ல் வெளியிட்ட விதியின் சாரம் இது: தூண்டப்படும் மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையில் பாயும். இதில் "மாற்றம்" என்ற சொல்தான் உயிர். நிறையப் பேர் "காந்தப் புலத்தை எதிர்க்கும்" என்று சுருக்கி எழுதிவிடுகிறார்கள். காந்தம் உள்ளே வரும் படத்துக்கு இந்தச் சுருக்கமும் சரியான விடையையே தரும், அதனால் தப்பு வெளியே தெரியாது. காந்தத்தை வெளியே இழுக்கும் படம் வரும்போதுதான் அம்பு தலைகீழாகப் போய் நிற்கும். ஆகவே விதி எழுதியிருக்கும் வரியே தவறா என்பதையும் பார்த்துவிடுங்கள். அது தவறென்றால் அடுத்தடுத்த படங்களில் எங்கே பிழை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இப்போது நம் படத்துக்கு வருவோம். மூன்றே கேள்விகள்தான், ஆனால் வரிசை மாறக் கூடாது.

சுருளுக்குள் காந்தத்தின் புலம் எந்தப் பக்கம் பார்க்கிறது? காந்தத்துக்கு வெளியே புலக்கோடுகள் வட முனையிலிருந்து கிளம்பிப் போகும். வட முனை சுருளின் இடப்பக்கத்தில் இருக்கிறது, அதனால் சுருளுக்குள் புலம் வலப்பக்கம் நோக்கிப் போகிறது. அடுத்து, சுருளின் வழியே போகும் அந்தப் புலத்தின் மொத்த அளவு, அதாவது பாயம், கூடுகிறதா, குறைகிறதா? காந்தம் நெருங்குகிறது, ஆகவே கூடுகிறது. வலப்பக்கம் நோக்கிய பாயம் கூடுகிறது என்றால் மாற்றமும் வலப்பக்கம்தான். கடைசியாக, அந்த மாற்றத்தை எதிர்க்க சுருள் தன் சொந்தப் புலத்தை எந்தப் பக்கம் உண்டாக்க வேண்டும்? இடப்பக்கம். இந்த மூன்றையும் படத்தின் ஓரத்தில் மூன்று சின்ன அம்புகளாகப் போட்டு வையுங்கள்: காந்தப் புலம் வலம், மாற்றம் வலம், சுருளின் புலம் இடம். காந்தம் விலகும் படத்தில் முதல் அம்பு அப்படியே இருக்கும், அடுத்த இரண்டும் திரும்பிவிடும். மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்வது அதற்காகத்தான், இரண்டாவதை விட்டுவிட்டு முதலிலிருந்து மூன்றாவதுக்குத் தாவினால் பழைய சுருக்கத்திலேயே போய் விழுவோம்.

சுருளின் புலம் இடப்பக்கம் பார்க்கிறது என்றால் அதன் இடப்பக்க முகம் வட முனையாகிறது. வரும் வட முனைக்கு எதிரே ஒரு வட முனை, ஆகவே விலக்கல். அதாவது காந்தத்தை உள்ளே தள்ளுவதற்கு நம் கை வேலை செய்ய வேண்டும், அந்த வேலைதான் மின் ஆற்றலாக மாறுகிறது. இதுவே ஒரு நல்ல குறுக்குச் சோதனை. படத்தில் உள்ள அம்புகள் இடப்பக்க முகத்தைத் தென் முனையாக ஆக்கினால், சுருள் காந்தத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும், வேகம் கூடும், மின்னோட்டமும் கூடும், யாரும் வேலை செய்யாமலே ஆற்றல் வந்துகொண்டிருக்கும். அப்படி நடக்காது. எனவே அம்பு தவறு.

சுருளின் மேல் அம்பு

வலது கையை எடுங்கள். கட்டைவிரல் இடப்பக்கம் காட்டட்டும், அதாவது சுருளின் சொந்தப் புலம் போகும் பக்கம். மற்ற விரல்கள் சுருளைச் சுற்றிப் பிடித்தது போல மடங்கும், அவை மடங்கும் போக்கில்தான் மின்னோட்டம். நம் பக்கம் தெரியும் கம்பிகளில் அது கீழிருந்து மேலே ஏறும், மேலே போய் பின்பக்கமாகத் திரும்பி, பின்னால் கீழே இறங்கும். முன்பக்கம் மேல்நோக்கி அம்பு: நம் படத்துக்கு இதுதான் விடை. பேனா வலது கையில் இருக்கிறதே என்று இடது கையால் இதைச் செய்து பார்க்காதீர்கள், நேர் எதிர் விடை வந்துவிடும். இது நடக்கிற தவறுதான், அதுவும் தேர்வு நேரத்தில்.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். காந்தம் இருக்கும் இடத்தில் நின்று சுருளின் முகத்தை நேராகப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வட முனை முகத்தில் மின்னோட்டம் இடஞ்சுழியாக ஓடும், தென் முனை முகத்தில் வலஞ்சுழியாக ஓடும். N என்ற எழுத்தை எழுதி அதன் இரண்டு நுனிகளிலும் அம்புத்தலை போட்டால் வலப்பக்க நுனி மேலேயும் இடப்பக்க நுனி கீழேயும் காட்டும், அது இடஞ்சுழி. S என்ற எழுத்தில் அதேபோல் போட்டால் வலஞ்சுழி வரும். காந்தத்தின் இடத்திலிருந்து பார்க்கும்போது நம் படத்தின் முன்பக்கம் நமக்கு வலது கைப் பக்கம் வரும், இடஞ்சுழியில் வலப்பக்கம் மேலே ஏறும், ஆக முன்பக்கக் கம்பியில் மேல்நோக்கி. கை சொன்னதும் இதுவும் ஒத்துப்போகின்றன.

சுருளுக்குப் பதில் ஒற்றை வளையம் வரைந்திருந்தால் ஒரு எச்சரிக்கை. அதை ஒரு நீள்வட்டமாகத்தான் வரைவார்கள், அதைச் சுற்றி ஒரு வளைந்த அம்பு இருக்கும். அந்த நீள்வட்டத்தில் எந்தப் பாதி நமக்கு அருகில், எந்தப் பாதி தூரத்தில் என்று தெரியாவிட்டால் அந்த அம்பு சரியென்றும் சொல்ல முடியாது, தவறென்றும் சொல்ல முடியாது. காந்தத்தின் பக்கமிருந்து பார்த்தால் இடஞ்சுழி, வளையத்துக்கு மறுபக்கமிருந்து பார்த்தால் அதே மின்னோட்டம் வலஞ்சுழி. அருகிலிருக்கும் பாதியைத் தடித்த கோடாக வரைந்திருக்க வேண்டும், அல்லது "காந்தத்தின் பக்கமிருந்து பார்க்கையில்" என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் படத்தைத் திருத்தச் சொல்லுங்கள், அம்பை அல்ல.

எல்லாரும் வழுக்கும் இடம்: சுற்றிய விதம்

இதுவரை சொன்னது பெரும்பாலும் பாடத்தில் இருப்பதுதான். உண்மையான பிழைகள் இதற்கு அப்புறம் வருகின்றன, சுருளிலிருந்து கால்வனாமீட்டருக்குப் போகும் கம்பியில்.

காந்தம் எந்த முனை, எந்தப் பக்கம் நகர்கிறது என்பது மட்டும் தெரிந்தால் சுருளைச் சுற்றி மின்னோட்டம் எப்படிச் சுழல்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அது எந்த நுனி வழியாக வெளியே வருகிறது என்பதைச் சொல்ல, கம்பி எப்படிச் சுற்றப்பட்டிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். முன்பக்கம் தெரியும் கம்பிக் கோடுகள் சாய்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். அவை `/` போல, அடி இடப்பக்கமும் தலை வலப்பக்கமுமாகச் சாய்ந்திருக்கலாம், அல்லது `\` போல எதிராகச் சாய்ந்திருக்கலாம். இரண்டிலுமே முன்பக்க அம்பு மேல்நோக்கித்தான், அதில் மாற்றம் இல்லை. `/` கோட்டில் மேலே ஏறுவது என்றால் வலப்பக்கம் நகர்வது. ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வலம் நோக்கிப் போய், சுருளின் வலது நுனி வழியாக வெளியே வரும். `\` கோட்டில் மேலே ஏறுவது என்றால் இடப்பக்கம் நகர்வது, ஆகவே இடது நுனி வழியாக வெளியே வரும்.

அதைக் கீழே வரைக்கும் தொடர்ந்து பார்ப்போம். `/` சுருளில், வலது கம்பியில் அம்பு கீழ்நோக்கி, கால்வனாமீட்டர் வழியாக வலமிருந்து இடம், இடது கம்பியில் மேல்நோக்கி, மறுபடி சுருளுக்குள். `\` சுருளில் இடது கம்பியில் கீழ்நோக்கி, கால்வனாமீட்டர் வழியாக இடமிருந்து வலம், வலது கம்பியில் மேல்நோக்கி. ஒரே காந்தம், ஒரே அசைவு, ஒரே விதி, ஆனாலும் மீட்டரில் எதிரெதிர்த் திசை. இரண்டு நண்பர்களின் படங்களில் கால்வனாமீட்டர் அம்பு வேறு வேறாக இருந்தால் ஒன்று கட்டாயம் தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள், முதலில் சாய்வைப் பாருங்கள்.

நான் ஒரு மாணவியின் நோட்டில் பார்த்த படத்தைச் சொல்கிறேன். வட முனை இடப்பக்கமிருந்து நெருங்குகிறது, முன்பக்கக் கோடுகள் `\` போலச் சாய்ந்தவை, அவற்றில் அம்புகள் மேல்நோக்கி. இதுவரை எல்லாம் சரி. இடது கம்பி கீழிருந்து வந்து, சுருளுக்குப் பின்னால் ஏறி, உச்சியைத் தாண்டி முன்பக்கம் இறங்குகிறது. `\` சுற்றுக்கு அதுவும் சரியான இணைப்பு. ஆனால் அந்த இடது கம்பியில் அம்பு மேல்நோக்கிப் போட்டிருந்தார். விரலை வைத்துத் தொடர்ந்து பாருங்கள்: இடது கம்பி வழியாக ஒரு மின்னோட்டம் பின்னால் ஏறி வருகிறது, முதல் சுற்றின் முன்பக்கம் வழியாக இன்னொரு மின்னோட்டம் ஏறி வருகிறது, இரண்டும் சுருளின் உச்சியில் நேருக்கு நேர் முட்டிக்கொள்கின்றன. அங்கே கிளை இல்லை, ஒரே கம்பி. மின்னோட்டம் போக இடமே இல்லை. அவர் எங்கே தவறினார் என்று கேட்டபோது, முந்தைய பக்கத்தில் இருந்த `/` சுருள் படத்தின் கீழ்ப்பாதியை அப்படியே எடுத்து வரைந்ததாகச் சொன்னார். மேல்பாதி புதிது, கீழ்ப்பாதி பழையது.

இதைத் திருத்த இரண்டு வழி உண்டு. கம்பிகளிலும் மீட்டரிலும் உள்ள அம்புகளைத் திருப்பலாம், இல்லையென்றால் சாய்வையும் நுனி இணைப்பையும் மாற்றி வரையலாம். சுருளின் மேல் உள்ள அம்புகளைத் திருப்பிப் "பொருத்தி" வைப்பது மட்டும் கூடாது. அப்படிச் செய்தால் எங்கும் முட்டல் இருக்காது, படம் அழகாகத் தெரியும், ஆனால் லென்ஸ் விதி உடைந்துவிடும். சுருளின் மேல் உள்ள அம்பை விதி தீர்மானிக்கிறது, வெளிக் கம்பியின் அம்பை அந்த அம்பும் சுற்றிய விதமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பிழை திருத்தும்போதும் அதே வரிசையில் போக வேண்டும்.

ஆகவே இந்த விரல் சோதனையை எந்தப் படத்திலும் செய்யுங்கள். ஒரு நுனியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றாக, மீட்டர் வழியாக, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் வரை விரலை எடுக்காமல் போங்கள். வழியில் எந்த அம்பும் உங்கள் விரலுக்கு எதிரே வரக் கூடாது, அல்லது வரும் அம்புகள் எல்லாமே எதிரே வர வேண்டும். பாதி கூடவும் பாதி எதிரேயும் வந்தால் படம் தன்னோடு தானே முரண்படுகிறது, விதியைப் பார்ப்பதற்கு முன்பே அது தவறு.

சில படங்களில் இந்தச் சோதனையே செய்ய முடியாது. ஸ்பிரிங் மாதிரி முன்கோடும் பின்கோடும் ஒரே அழுத்தத்தில், எங்கும் விடுபடாமல் வரைந்திருப்பார்கள். எது முன்னால், எது பின்னால் என்று கண்ணுக்கு மாறி மாறித் தோன்றும். சுருளுக்குள் ஒரு உருளையை வரைந்து பின்கோடுகளை முழுக்க மறைத்துவிடுவதே நல்லது, இல்லையென்றால் பின்கோடுகளைப் புள்ளிக்கோடாக்குங்கள். நான் உருளையைத்தான் விரும்புவேன், வேகமாக வரையும்போது புள்ளிக்கோடுகள் முழுக்கோடாகிவிடுகின்றன.

சாய்வைப் பார்த்தும் மனசில் உருவம் வரவில்லையென்றால் ஒரு பென்சிலும் நூலும் போதும். படத்தில் உள்ளபடியே, இடது நுனி முன்னாலா பின்னாலா என்று பார்த்து, பென்சிலில் நாலு சுற்று சுற்றுங்கள். பிறகு நூலின் மேல் விரலை வைத்து, முன்பக்கம் மேல்நோக்கிப் போகும்படி நகர்த்துங்கள். விரல் எந்த நுனியில் வந்து நிற்கிறதோ அதுதான் மின்னோட்டம் வெளியேறும் நுனி.

படம் இரண்டு, மூன்று என்று போகும்போது

பெரும்பாலும் ஒரே படத்தோடு நிற்க மாட்டார்கள், காந்தம் நெருங்குவது, நிற்பது, விலகுவது என்று மூன்று கட்டமாக வரைவார்கள். இங்கே ஒவ்வொன்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதில்லை. முதல் கட்டத்தை மேலே சொன்னபடி முழுசாகச் சரிபார்த்துவிட்டு, மற்றதில் என்னென்ன மாறியிருக்கிறது என்று எண்ணுங்கள். முனை மாறியது ஒன்று, நகரும் திசை மாறியது ஒன்று, சுற்றிய விதம் மாறியது ஒன்று. எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் மீட்டர் அம்பு திரும்ப வேண்டும், இரட்டைப்படை என்றால் அப்படியே இருக்க வேண்டும். வட முனை நெருங்குவதும் தென் முனை விலகுவதும் ஒரே அம்பைத் தரும், ஏனென்றால் அங்கே இரண்டு மாற்றங்கள். ஆனால் சுருளின் மேல் உள்ள அம்புக்கு எண்ணும்போது சுற்றிய விதத்தைச் சேர்க்காதீர்கள், அது வெளிக் கம்பியை மட்டும்தான் பாதிக்கும்.

காந்தம் சுருளுக்குள் அசையாமல் நிற்கும் கட்டத்தில் அம்பே இருக்கக் கூடாது. புலம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது, ஆனால் மாற்றம் இல்லை. காந்தமும் சுருளும் ஒரே வேகத்தில் ஒரே பக்கம் சேர்ந்து நகர்ந்தாலும் அப்படித்தான். சுருளின் நுனிகள் எதோடும் இணையாமல் திறந்து கிடந்தாலும் மின்னோட்ட அம்பு போடக் கூடாது. மின்னியக்கு விசை மட்டும் தூண்டப்படும்.

காந்தம் இடப்பக்கம் நுழைந்து வலப்பக்கம் வெளியேறும் படத்தில் ஒரு தனிக் குழப்பம் வரும். வெளியேறும்போது சுருளுக்கு அருகில் இருப்பது தென் முனை, விலகிப் போகிறது. முனை மாறிவிட்டது, நெருங்குவது விலகுவதாக மாறிவிட்டது, இரண்டு மாற்றம், ஆகவே அம்பு அப்படியே என்று சிலர் எண்ணிவிடுவார்கள். மூன்றாவது ஒரு மாற்றமும் நடந்திருக்கிறது, காந்தம் சுருளின் வலப்பக்கத்துக்குப் போய்விட்டது. ஆகவே அம்பு திரும்ப வேண்டும். சந்தேகம் வந்தால் மறுபடி மூன்று கேள்விக்கே போங்கள்: சுருளுக்குள் புலம் இன்னமும் வலப்பக்கம்தான், இப்போது குறைகிறது, எனவே மாற்றம் இடப்பக்கம், சுருளின் புலம் வலப்பக்கம். முன்பக்க அம்பு கீழ்நோக்கி.

படத்தடியில் ஃபிளெமிங் வலது கை விதி என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் தண்டவாளங்கள் மேல் ஓடும் கடத்தித் தண்டின் படமாக இருக்கும். அங்கேயும் லென்ஸை வைத்தே இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம். புலம் தாளுக்குள் போகிறது, தண்டு வலப்பக்கம் ஓடுகிறது, மின்தடை இடப்பக்க முனையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் வலம், சுட்டுவிரல் தாளுக்குள், நடுவிரல் மேலே: தண்டில் மின்னோட்டம் மேல்நோக்கி. லென்ஸ் வழியில் பார்த்தால், தாளுக்குள் போகும் பாயம் கூடுகிறது, எதிர்க்கும் புலம் தாளிலிருந்து வெளியே வர வேண்டும், அதற்கு மின்னோட்டம் இடஞ்சுழியாக ஓட வேண்டும், தண்டு வலப்பக்க ஓரம் என்பதால் அதில் மேல்நோக்கி. இரண்டும் பொருந்தவில்லையென்றால் பெரும்பாலும் மோட்டாருக்கான இடது கையை எடுத்திருப்பீர்கள்.

கடைசியாக மூன்று சின்ன விஷயங்கள். சுருளின் நுனிகளுக்கு + − குறி போட்டிருந்தால், மின்னோட்டம் சுருளை விட்டு வெளியேறும் நுனிதான் +, ஏனென்றால் இங்கே சுருள்தான் மின்கலம் போல வேலை செய்கிறது. அம்புகள் எலக்ட்ரான் போகும் திசையைக் காட்டுகின்றன என்று படத்தில் எழுதியிருந்தால் எல்லா அம்பும் எதிராக இருப்பதுதான் சரி, எழுதவில்லை என்றால் மரபு மின்னோட்டம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கால்வனாமீட்டரின் முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து மட்டும் படத்தைத் தவறென்று அடிக்காதீர்கள், எந்த முனையில் மின்னோட்டம் நுழைந்தால் முள் எந்தப் பக்கம் போகும் என்று படத்திலேயே குறித்திருந்தால்தான் அதைச் சரிபார்க்க முடியும்.